‘சனிக்கிழமை இரவு 12 மணி’: ஒரு நீர்த்தடை அறிவிப்பு பிசகிய விதம்

பாயா தெருபோங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் தமிழ்ப் புலனக் குழுவுக்கு நான் அட்மின். கட்டடம் முழுவதற்குமான மலாய்க் குழு ஒன்று தனியாக உண்டு. அதைக் கூட்டு நிர்வாக அமைப்பின் செயலாளர் கவனித்துக்கொள்கிறார். திட்டமிடப்பட்ட நீர்த்தடை ஒன்றுக்காக நான் எழுதிக் குழுவின் உச்சியில் பின் செய்து வைத்த அறிவிப்பு இது:

“அன்பான குடியிருப்பாளர்களே, வரும் சனிக்கிழமை இரவு 12 மணி முதல் ஞாயிறு 12 மணி வரை நம் பகுதியில் தண்ணீர் தடைபடும். முன்கூட்டியே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளவும். மற்றவர்களுக்கும் பகிரவும். – அட்மின்.”

நாற்பதுக்கும் மேற்பட்டோர் இதற்குக் கட்டைவிரல் போட்டார்கள். ஆனாலும் அந்த வார இறுதியில் எங்கள் கட்டடத்தின் 140 வீடுகளில் இருபத்தாறு மணி நேரம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போனதற்கு, வால்வு மாற்றும் வேலையைவிட இந்த அறிவிப்பே பெரிய காரணம் என்பது என் முடிவு. எழுதியவன் நான்தான் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது.

பினாங்கில் ஒரு திட்டமிட்ட தடை ஏன் இவ்வளவு தூரம் பாய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாநிலத்தின் சுத்திகரிக்கப்பட்ட நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சுங்கை டுவா நிலையம் ஒன்றிலிருந்தே வருகிறது. சுங்கை மூடா ஆற்றில் எடுத்த நீர் அங்கே சுத்தமாகி, கடலடிக் குழாய்கள் வழியாகத் தீவுக்கு வந்து சேருகிறது. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை அந்த நிலையத்தில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகளை மாற்றியபோது, தீவிலும் பெருநிலத்திலுமாகச் சுமார் 590,000 பயனீட்டாளர்கள் பாதிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. எங்கள் தடை அதைவிடச் சிறியது, 36 மணி நேரம்தான். ஆனால் பாயா தெருபோங் மேட்டில் இருப்பவர்களுக்குக் குழாயின் கடைசி நுனியில் இருக்கிறோம் என்ற நினைவு எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் எல்லாருக்கும் வந்த பிறகுதான் எங்களுக்கு வரும்.

அதிகாரப்பூர்வ அறிவிப்பில் நேரம் தெளிவாகவே இருந்தது: 15ஆம் தேதி சனிக்கிழமை 00:00 முதல் 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை 12:00 வரை. 00:00 என்று எழுதினால் வயதானவர்களுக்குப் புரியாது என்று நினைத்து, அதை ‘சனிக்கிழமை இரவு 12 மணி’ என்று நல்லெண்ணத்தோடு மாற்றியவன் நான். அந்த ஒரு மாற்றத்தில் முழுதாக 24 மணி நேரம் தொலைந்து போனது.

தமிழில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. பஞ்சாங்கம் அப்படித்தான் கணக்கிடுகிறது, நம் பேச்சும் அப்படித்தான் போகிறது. ‘சனிக்கிழமை இரவு’ என்றால் சனிக்கிழமைப் பகல் முடிந்து வரும் இரவு என்றே தமிழ்க் காது கேட்கும். மலாயில் கணக்கு வேறு. இஸ்லாமிய வழக்கில் நாள் சூரிய அஸ்தமனத்தில் மாறுவதால், ‘மாலாம் சப்து’ என்பது வெள்ளிக்கிழமை மாலை கழிந்து வரும் இரவு. செயலாளர் மலாய்க் குழுவில் ‘மாலாம் சப்து, புக்குல் 12’ என்று எழுதியிருந்தார். அது சரியாகவே இருந்தது. நான் அதை அப்படியே தமிழ் வார்த்தைகளில் இறக்கி வைத்தேன். அது தவறாகிப் போனது. ஒரே கட்டடத்தில், ஒரே தடைக்கு, இரண்டு மொழிக்காரர்களிடம் இரண்டு வேறு இரவுகள் இருந்தன. வெள்ளிக்கிழமை மாலையே எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தார் நீலப் பீப்பாய்களை நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ‘பாவம், ஒரு நாள் முந்திக்கொண்டார்கள்’ என்று எங்கள் மாடியில் இரண்டு வீட்டார் பேசிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது.

முடிவு நேரத்தின் கதையும் இதேதான். ‘ஞாயிறு 12 மணி’ என்றால் நண்பகலா நள்ளிரவா என்று அறிவிப்பு சொல்லவில்லை. என் அறிவிப்பை நேராகப் படிப்பவருக்குக் கிடைப்பது சனி நள்ளிரவு முதல் ஞாயிறு நண்பகல் வரை, அதாவது 12 மணி நேரத் தடை. ஓர் இரவு தூங்கி எழுந்தால் முடிந்துவிடும் விஷயத்துக்கு யார் பீப்பாய் தேடுவார்கள்?

இதை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அறிவிப்பு போட்ட மறுநாளே எட்டாம் மாடித் தங்கை ஒருவர், “அண்ணா, எந்த 12?” என்று கேட்டார். “வெள்ளி முடிந்து சனி பிறக்கும் நேரம்மா” என்று உடனே பதிலும் எழுதினேன். அந்தப் பதில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து வரிசைக்கு அடியில் அரை மணி நேரத்தில் புதைந்துவிட்டது. மூல அறிவிப்பைத் திருத்தலாம் என்றால், புலனத்தில் ஒரு செய்தியை அனுப்பிய 15 நிமிடங்களுக்குள்தான் திருத்த முடியும். பழையதைப் பின்னிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதை எழுதியிருக்க வேண்டும். நாற்பது கட்டைவிரல்களைத் தூக்கி எறிய மனம் வரவில்லை என்பதே உண்மையான காரணம். பார்த்தவர்கள் எல்லாம் புரிந்துகொண்டார்கள் என்று அந்தக் கட்டைவிரல்களை வைத்து நான் கணக்குப் போட்டிருந்தேன்.

அடுத்த பிழை பின் செய்ததிலேயே இருந்தது. புலனத்தில் பின் செய்யும்போது 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று தெரிவுகள் வரும்; எதையும் மாற்றாமல் அழுத்தினால் 7 நாள்தான். 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நான் பின் செய்தேன். அது 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, தடை தொடங்க நான்கு மணி நேரமே இருந்தபோது, சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. மக்கள் வேலை முடிந்து, சாப்பிட்டு, கைப்பேசியைத் திறந்து பார்க்கும் நேரம் அது. மேலே ஒன்றுமில்லை. ஒன்பதரை மணிக்கு ஒருவர் எழுதிய வரியை இன்னும் வைத்திருக்கிறேன்: “பின் எடுத்துட்டாங்க, அப்ப கட் இல்ல போல.” அதற்கும் ஏழு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். நான் அன்று பட்டர்வொர்த்தில் ஒரு திருமண விருந்தில் இருந்தேன்.

அதிகாலை நாலரை மணிக்கு முதல் அழைப்பு வந்தது. கீழ்த்தளத்தில் ரொட்டி சானாய் கடை வைத்திருக்கும் அண்ணன். “தம்பி, தண்ணி போச்சே! நீங்க சனிக்கிழமை ராத்திரின்னுதானே போட்டிருந்தீங்க?” அவருடைய கடைக்குத் தண்ணீர் தெருக்குழாயிலிருந்து நேரடியாக வருகிறது, மேல்மாடிகளுக்கு அப்படி இல்லை. தெருக்குழாய் நீர் தரைமட்டத்தில் இருக்கும் பெரிய தொட்டியில் இறங்கி, அங்கிருந்து பம்பு வழியாக மொட்டைமாடித் தொட்டிகளுக்கு ஏறி, பிறகு கீழ்நோக்கி வீடுகளுக்குப் பாய்கிறது. ஆகவே நள்ளிரவில் தெருக்குழாய் நின்றது அண்ணனுக்கு மட்டுமே தெரிந்தது. 140 வீடுகளில் யாருடைய குழாயிலும் ஒரு மாற்றமும் இல்லை.

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். தரைவீடுகளில் தடை தொடங்கியதும் குழாய் நிற்கும். அறிவிப்பு பிழையாக இருந்தாலும் குழாயே திருத்திவிடும். அடுக்குமாடியில் தொட்டி அந்தப் பிழையை மூடி மறைத்துவிடுகிறது. எங்கள் தரைத்தொட்டி 90,000 லிட்டர், மொட்டைமாடித் தொட்டிகள் சேர்த்து 45,000 லிட்டர். தரைத்தொட்டியின் அடியில் சுமார் 20,000 லிட்டரைப் பம்பு எடுக்காது; நீர்மட்டம் அந்த அளவுக்கு இறங்கியதும் உணரிக் கம்பிகள் பம்பை நிறுத்திவிடும். மிச்சம் 115,000 லிட்டர். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 560 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 250 லிட்டர் என்று வைத்தால் கட்டடத்தின் ஒரு நாள் செலவு 140,000 லிட்டர். அதாவது கையில் ஒரு நாளுக்கும் குறைவான தண்ணீர்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வழக்கம்போல் வந்ததால், இரவுதான் தடை என்ற நம்பிக்கை உறுதியாகிவிட்டது. வார இறுதி என்பதால் எல்லா வீட்டிலும் துணிமணி. கார் கழுவியவர்கள் நான்கைந்து பேர். இரவுக்குப் பீப்பாய் நிரப்ப வேண்டும் என்று மாலை நான்கு மணியிலிருந்து பலர் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தார்கள். வேறு நாளில் புத்திசாலித்தனமாக இருந்திருக்கக்கூடிய அந்தச் செயலே மிச்சத்தையும் வேகமாக வடித்துவிட்டது. ஆறு மணி தாண்டியதும் பதின்மூன்று, பதினான்காம் மாடிகளிலிருந்து ‘தண்ணீர் இல்லை’ என்று செய்தி வந்தது. மூன்றாம் மாடி அக்கா, “எங்க வீட்ல வருதே, பைப்பைப் பாருங்க” என்று பதில் எழுதினார். இருவர் சொன்னதும் உண்மை. மொட்டைமாடித் தொட்டி காலியானதும் கீழிறங்கும் குழாயில் தங்கிய நீர் கீழ்மாடிகளுக்கு இன்னும் சில நிமிடங்கள் வரும். ஆறரை மணிக்கு மூன்றாம் மாடியும் நின்றது.

இதன் பிறகு நடந்ததை அறிவிப்பின் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்கே சந்தேகம் உண்டு, இருந்தாலும் சேர்க்கிறேன். தடை இன்னும் தொடங்கவே இல்லை என்று நம்பிய சிலர், பம்புதான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து காவலரிடம் போனார்கள். அவர்கள் வற்புறுத்தியதில் அவர் பம்பு அறையைத் திறந்து, பலகையில் சுவிட்சைத் தானியங்கி நிலையிலிருந்து கைமுறை நிலைக்குத் திருப்பினார். கைமுறையில் உணரிக் கம்பிகளின் பேச்சை பம்பு கேட்காது. இருபது நிமிடம் தண்ணீர் இல்லாமல் ஓடியதில் தண்டைச் சுற்றியுள்ள சீல் கருகிவிட்டது. நீர் உள்ளே ஓடும்போதுதான் அந்தச் சீல் குளிர்கிறது; காற்றில் சுழன்றால் சில நிமிடங்களில் பொசுங்கிவிடும். ரப்பர் எரியும் வாடை வாகன நிறுத்துமிடம் வரை வந்தது. இரண்டு பம்புகளில் ஒன்று போனது. காவலரை யாரும் குறை சொல்ல முடியாது. தண்ணீர் இருக்க வேண்டிய நேரத்தில் இல்லை என்றுதான் அவரிடம் சொல்லப்பட்டது, அப்படிச் சொல்லக் காரணம் பின் செய்த என் அறிவிப்பு.

ஞாயிறு நண்பகல் வந்தது, தண்ணீர் வரவில்லை. 12:00 என்பது வேலை முடிந்து வால்வைத் திறக்கும் நேரம். அதன் பிறகு காலியான குழாய்கள் நிரம்ப வேண்டும், உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வேண்டும், தாழ்வான பகுதிகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் பிடிப்பதால் மேட்டுக்கு அழுத்தம் ஏறவும் நேரமாகும். மாலை ஐந்து மணிக்கு அண்ணனின் கடைக் குழாய் முதலில் சீறிவிட்டு, பிறகு பழுப்பு நிறத்தில் ஒழுகியது. அது தரைத்தொட்டியில் பம்பு ஓடக்கூடிய மட்டத்துக்கு ஏற இரண்டு மணி நேரம். மிச்சமிருந்த ஒற்றைப் பம்பு மொட்டைமாடிக்கு ஏற்றி, வீடுகளுக்கு வந்தபோது இரவு எட்டரை.

இந்த நேரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடை தொடங்கிய நள்ளிரவிலிருந்து ஞாயிறு இரவு எட்டரை வரை நாற்பத்து நாலரை மணி நேரம். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று கட்டுப்படுத்தியிருந்தால் 560 பேருக்கு 56,000 லிட்டர். கையிலிருந்த 115,000 லிட்டர் 49 மணி நேரம் வந்திருக்கும். எங்கள் கட்டடத்தில் அந்த வாரம் ஒரு வீட்டிலும் தண்ணீர் நிற்க வேண்டியதே இல்லை. 100 லிட்டர் சிக்கனம்தான், வேதனை இல்லை: குளிக்கலாம், சமைக்கலாம், கழிப்பறைக்கும் போதும், துணி துவைப்பதை மட்டும் திங்கட்கிழமைக்குத் தள்ள வேண்டும். பம்பைக் காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் மட்டும் ஓட விட்டிருந்தால் கட்டுப்பாடு தானாகவே வந்திருக்கும்.

ஆகவே அடுக்குமாடியில் எழுதும் நீர்த்தடை அறிவிப்பில் மூன்று நேரங்கள் வேண்டும்: தெருவில் நிற்கும் நேரம், நம் தொட்டி வற்றும் நேரம், நம் குழாயில் மறுபடி வரும் நேரம். முதலாவது மட்டும்தான் அதிகாரப்பூர்வ அறிவிப்பில் இருக்கும்; மற்ற இரண்டையும் அந்தக் கட்டடத்தின் தொட்டி அளவு தெரிந்தவர்தான் எழுத முடியும். நான் செய்தது முதலாவதைப் பிழையாகப் படியெடுத்தது மட்டுமே. அன்றைய தடைக்கே, செயலாளரும் நானும் காவலர் அறையில் உட்கார்ந்து திருப்பி எழுதிப் பார்த்த வடிவம் இது:

“நீர்த்தடை. தெருக்குழாய் நிற்பது 14 வெள்ளிக்கிழமை முடிந்து 15 சனிக்கிழமை பிறக்கும் நள்ளிரவில் (00:00). வெள்ளிக்கிழமை இரவு படுக்கும் முன் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் பிடித்துவிடுங்கள். நான்கு பேருக்கு இரண்டு நாளைக்கு 40 லிட்டர் போதும்.

சனிக்கிழமை காலை உங்கள் குழாயில் தண்ணீர் வரும். அது தொட்டித் தண்ணீர். தடை தொடங்கிவிட்டது. வழக்கம்போல் செலவழித்தால் சனிக்கிழமை மாலையே தீர்ந்துவிடும். துணி துவைத்தல், கார் கழுவுதல் திங்கட்கிழமைக்குப் பிறகு. பம்பு காலை 6–8, மாலை 6–8 மட்டுமே ஓடும். பம்பு அறையை யாரும் திறக்கச் சொல்ல வேண்டாம்.

தெருவில் விநியோகம் 16 ஞாயிற்றுக்கிழமை நண்பகல் 12க்குத் திறக்கப்படும். நம் மேட்டுக்கு அன்று இரவு அல்லது அதற்குப் பிறகு வரும். பம்பு ஓடத் தொடங்கியதும் இங்கே ஒரு வரி எழுதுவோம். முதலில் வரும் பழுப்பு நீரைக் காவலர் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றுவார்.

இது கடைசியாகத் திருத்தப்பட்டது: 13 வியாழக்கிழமை இரவு 9 மணி. இதைவிடப் பழைய அறிவிப்பு உங்களிடம் இருந்தால் அழித்துவிடுங்கள்.”

முதல் வடிவத்தைவிட இது நீளம் என்பது உண்மை. நீளமான செய்தியை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற எதிர்ப்பு எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை, தண்ணீர் விஷயத்தில் பினாங்கு மக்கள் எவ்வளவு நீளமானாலும் படிப்பார்கள். ஆனால் பின் செய்த செய்தியின் முதல் வரி மட்டுமே மேல்பட்டையில் தெரியும் என்பதால், ‘அன்பான குடியிருப்பாளர்களே’ அங்கிருந்து போக வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் இப்போது நாளும் நேரமும் இருக்கின்றன.

ஐந்து மாதம் கழித்து, செவ்வாய் இரவு 10 மணி முதல் புதன் இரவு 10 மணி வரை இன்னொரு தடை வந்தது. இந்த வடிவத்திலேயே அறிவிப்பு போட்டோம்; 30 நாள் தெரிவில் பின் செய்து, தண்ணீர் வந்ததும் நாங்களே நீக்கினோம். வீடுகளில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனாலும் ஒரு வரி பிசகியது. பம்பு ஓடத் தொடங்கியதும் எழுதுவோம் என்று சொல்லியிருந்தோம். பம்பு விடியற்காலை மூன்றரைக்கு ஓடத் தொடங்கியது, காவலர் மலாய்க் குழுவில் எழுதினார், நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தமிழ்க் குழுவில் அந்த வரி காலை ஏழு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் ரொட்டி சானாய் அண்ணன் தன் கடைக் குழாயைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். இப்போது காவலரும் தமிழ்க் குழுவில் ஓர் அட்மின். அவருக்குத் தமிழ் தெரியாது. ‘ஆயர் சுடா மாசுக்’ என்று மலாயில் எழுதினால் போதும் என்று சொல்லியிருக்கிறோம்.